ஒரே அழுத்தில் தண்ணீர் வராத ஃபிளஷ் டேங்க்: சைஃபன் உள்ளே என்ன செய்கிறது?

கைப்பிடியை அழுத்துகிறோம். 'டொபக்' என்று கொஞ்சம் தண்ணீர் விழுகிறது, அப்புறம் அமைதி. உடனே இன்னொரு முறை அழுத்தினால் மொத்தத் தண்ணீரும் சீறிக்கொண்டு இறங்குகிறது. "இன்னும் பலமாக அழுத்து", "டேங்க் பழசாகிவிட்டது", "அடியில் மூடி சரியாகத் திறக்கவில்லை" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மூன்றாவது காரணம்தான் அதிகம் காதில் விழுகிறது. சைஃபன் வகை டேங்கில் அப்படித் திறப்பதற்கு ஒரு மூடியே கிடையாது என்பதுதான் வேடிக்கை.

கைப்பிடியை அழுத்தும்போது நாம் எதையும் திறப்பதில்லை. கொஞ்சம் தண்ணீரை மேலே தூக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டால் இரண்டு முறை அழுத்த வேண்டியிருப்பதன் காரணமும் தானாகப் பிடிபடும்.

உங்கள் டேங்க் எந்த வகை?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டேங்கின் மூடியை எடுத்துப் பாருங்கள். பீங்கான் மூடியாக இருந்தால் கனமாக இருக்கும், சட்டென்று உடையவும் செய்யும். தரையில் துணி விரித்துப் படுக்க வையுங்கள். உள்ளே இருப்பது நல்ல தண்ணீர்தான், கோப்பையில் இருக்கும் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனவே கை வைக்கத் தயங்க வேண்டாம்.

டேங்கின் அடியில் ஒரு ரப்பர் மூடி ஓட்டையை அடைத்துக்கொண்டு, அதிலிருந்து சங்கிலியோ கம்பியோ மேலே வந்தால் அது வால்வு வகை. அங்கே கைப்பிடி நிஜமாகவே ஒரு ஓட்டையைத் திறக்கிறது. மூடியின் மேலேயே பொத்தான் இருக்கும் டேங்குகளும் பெரும்பாலும் இந்த வகைதான். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அல்ல.

நடுவில் தடித்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று மேலே போய், வளைந்து, மறுபடி கீழே இறங்கி டேங்கின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போனால் அது சைஃபன் வகை. வளைந்த குழாயின் ஒரு கால் கீழே அகன்று ஒரு டப்பா போல இருக்கும். கைப்பிடியிலிருந்து வரும் கம்பிக் கொக்கி அந்தப் பக்கம்தான் இறங்குகிறது.

தண்ணீர் எப்படி மேடேறி இறங்குகிறது

உயரத்தில் இருக்கும் ஒரு டிரம்மிலிருந்து கீழே இருக்கும் வாளிக்கு ரப்பர் குழாய் வைத்துத் தண்ணீர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழாயின் ஒரு முனை டிரம்முக்குள், மறுமுனை வெளியே, தண்ணீர் மட்டத்துக்கும் கீழே. சும்மா அப்படி வைத்தால் எதுவும் நடக்காது. வெளிமுனையில் வாய் வைத்து ஒரு இழு இழுத்துவிட்டால், தண்ணீர் டிரம்மின் விளிம்பைத் தாண்டி ஏறி, வாளிக்குள் தானாகக் கொட்ட ஆரம்பிக்கும். அதன் பிறகு யாரும் இழுக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு மேட்டைத் தாண்டித் தண்ணீரைத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோகும் வளைந்த குழாய்க்குத்தான் சைஃபன் என்று பெயர்.

ஆரம்பித்த பிறகு ஏன் நிற்காமல் ஓடுகிறது? வெளிப்பக்கக் குழாய்க்குள் நிறைந்திருக்கும் தண்ணீர் தன் எடையால் கீழே இறங்கப் பார்க்கிறது. அது இறங்க இறங்க, மேலே வளைவுக்குள் அழுத்தம் குறைகிறது. டிரம்மில் இருக்கும் தண்ணீரின் பரப்பை வெளிக்காற்று எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறதே, அந்த அழுத்தம் குறைவான அழுத்தம் உள்ள வளைவை நோக்கித் தண்ணீரை மேலே தள்ளிவிடுகிறது. வெளிமுனை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வரை இறங்கும் பக்கம்தான் ஜெயிக்கும்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை: குழாய்க்குள் தண்ணீர் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து இருக்க வேண்டும். நடுவில் காற்று நிறைந்து தண்ணீரை இரண்டு துண்டாக்கிவிட்டால் கதை முடிந்தது. வாய் வைத்து இழுப்பது எதற்காக? குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே எடுத்து அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பத்தான்.

சுருக்கமாகச் சொன்னால், சைஃபன் ஓடுவதற்கு மோட்டாரும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஆனால் அதை ஓட ஆரம்பிக்க வைக்க, காற்றை வெளியேற்றும் ஒரு முதல் தள்ளு வேண்டும். ஃபிளஷ் டேங்கில் அந்தத் தள்ளைக் கொடுப்பது கைப்பிடி.

டேங்குக்குள் இருக்கும் பாகங்கள்

வளைந்த குழாயின் இரண்டு கால்களையும் ஏறு குழாய், இறங்கு குழாய் என்று அழைப்போம். இரண்டும் சேரும் மேல் வளைவு உச்சி. இறங்கு குழாய் டேங்குக்கு வெளியே வந்து கோப்பைக்குப் போகிறது. அதன் வழியில் எந்த அடைப்பும் இல்லை, முழுக்கத் திறந்தே கிடக்கிறது. ஆனால் உச்சி தண்ணீர் மட்டத்துக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருப்பதால், சும்மா இருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அந்தப் பக்கம் போகாது. ஏறு குழாய்க்குள் டேங்கில் இருக்கும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் காற்று.

ஏறு குழாயின் அடியில் இருக்கும் அகன்ற டப்பாவின் அடிப்பக்கம் திறந்திருக்கும். அதற்குள் மேலும் கீழும் நகரும் ஒரு தட்டு உண்டு, தட்டில் பெரிய பெரிய ஓட்டைகள். தட்டின் மேல் மெல்லிய, வளையக்கூடிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்று கிடக்கும். இதைத்தான் டயாஃப்ரம் என்கிறோம். இந்த முழு ஏற்பாட்டிலும் விலை மிகக் குறைந்த பொருள் இதுதான். நம் தொல்லைக்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான்.

கைப்பிடியை அழுத்தினால் கொக்கி தட்டை மேலே இழுக்கும். அப்போது மேலே இருக்கும் தண்ணீரின் எடை டயாஃப்ரத்தை ஓட்டைகள் மேல் அழுத்தி மூடிவிடும். ஆக, தட்டு இப்போது ஓட்டை இல்லாத தட்டு. தன் மேல் இருக்கும் தண்ணீரை அப்படியே தூக்குகிறது. அந்தத் தண்ணீர் உச்சியைத் தாண்டி, இறங்கு குழாய்க்குள் மொத்தமாக விழுந்து, அங்கிருந்த காற்றைக் கீழே விரட்டுகிறது. குழாய் நிறைந்ததும் சைஃபன் பிடித்துக்கொள்ளும்.

பிடித்துக்கொண்ட பிறகு டயாஃப்ரம் எதிர்வேலை செய்கிறது. கீழிருந்து வேகமாக ஏறும் தண்ணீர் அதை மேலே தள்ளி, ஓட்டைகளைத் திறந்து வழி ஏற்படுத்திக்கொள்கிறது. நீங்கள் கைப்பிடியை விட்டுவிட்டாலும் ஓட்டம் நிற்காது. தண்ணீர் மட்டம் டப்பாவின் கீழ் விளிம்புக்கு வந்ததும் காற்று உள்ளே புகுந்து 'களக்' என்று சத்தம் வரும். சைஃபன் அறுந்தது, ஃபிளஷ் முடிந்தது. அதற்குள்ளேயே மிதவை கீழே இறங்கி, டேங்க் நிரம்பும் குழாயைத் திறந்துவிட்டிருக்கும்.

இவ்வளவு சுற்றி வளைப்பானேன், அடியில் ஒரு மூடி வைத்தால் போதாதா என்று தோன்றும். மூடி தேய்ந்தால் தண்ணீர் இரவும் பகலும் கோப்பைக்குள் கசியும், யாருக்கும் தெரியாது. சைஃபனில் டயாஃப்ரம் கிழிந்தாலும் டேங்கிலிருந்து ஒரு சொட்டு கசியாது, ஃபிளஷ் மட்டும் சரியாக வராது. 1898-இல் ஆல்பர்ட் கிப்ளின் என்பவர் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற சைஃபன் ஃபிளஷ் அமைப்புக்கு, தண்ணீர் வீணாவதைத் தடுக்கும் வால்வில்லாத கருவி என்றே பெயர். பிரிட்டனில் 2001 வரை வீட்டுக் கழிப்பறைகளுக்குச் சைஃபன்தான் விதி. அதன் பிறகே வால்வு வகையை அனுமதித்தார்கள்.

ஆக, கைப்பிடி தட்டைத் தூக்குகிறது, தட்டு தண்ணீரைத் தூக்குகிறது, தண்ணீர் காற்றை விரட்டுகிறது. மீதியைச் சைஃபன் பார்த்துக்கொள்கிறது.

முதல் அழுத்து ஏன் வீணாகிறது

முதல் தள்ளில் உச்சியைத் தாண்டும் தண்ணீர் இறங்கு குழாயை அடைத்து நிரப்பும் அளவுக்கு இருக்க வேண்டும், வேகமாகவும் வர வேண்டும். கொஞ்சமாகவோ மெதுவாகவோ தாண்டினால் அது குழாயின் சுவரை ஒட்டி வழிந்து போய்விடும், காற்று நடுவில் அப்படியே நிற்கும். கோப்பையில் 'டொபக்' என்று கேட்பது இப்படி வழிந்த தண்ணீர்தான்.

எவ்வளவு தாண்டுகிறது என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். டேங்குக்கு டேங்க் அளவுகள் மாறும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று டப்பாவின் பரப்பு 80 சதுர சென்டிமீட்டர், தட்டு ஏறும் தூரம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தட்டு ஒரு முறை ஏறினால் 480 மில்லி தண்ணீரைத் தள்ளும். ஏறு குழாயின் குறுக்குப் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர், தண்ணீர் மட்டத்திலிருந்து உச்சிக்கு 3 சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்பவே 60 மில்லி போய்விடும். மீதி 420 மில்லி அந்தப் பக்கம் விழும். இது நன்றாக இருக்கும் டேங்க்.

இப்போது மிதவையைத் தாழ்வாக வைத்துவிட்டார்கள், தண்ணீர் 5 சென்டிமீட்டர் குறைவாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 8 சென்டிமீட்டர் ஆகிறது, அதை நிரப்ப 160 மில்லி. தாண்டுவது 320 மில்லி. அநேகமாக இன்னும் வேலை செய்யும், ஆனால் கையை மந்தமாக வைத்தால் ஏமாற்றும்.

மட்டம் சரியாக இருந்து, டயாஃப்ரத்தின் ஓரம் கிழிந்திருந்தால்? தூக்கும்போதே பாதித் தண்ணீர் ஓட்டைகள் வழியாகக் கீழே நழுவிவிடுகிறது என்று வைப்போம். தள்ளப்படுவது 240 மில்லிதான். இடைவெளி போக 180 மில்லி தாண்டும். இங்கேதான் இரண்டு முறை அழுத்தும் பழக்கம் தொடங்குகிறது. கிழிசலோடு தாழ்ந்த மட்டமும் சேர்ந்துகொண்டால் 240-இல் 160 போய் வெறும் 80 மில்லி. அந்த டேங்கில் நான்கைந்து முறை அழுத்தினாலும் நிச்சயமில்லை.

அதனால்தான் ஒரே டேங்க் ஒருநாள் ஒழுங்காகவும் மறுநாள் முரண்டு பிடித்தும் நடந்துகொள்கிறது. நைந்த டயாஃப்ரம் டேங்க் முழுக்க நிரம்பியிருக்கும்போது எப்படியோ சமாளித்துவிடும். முந்தைய ஆள் போய் ஒரு நிமிடம்கூட ஆகாமல், பாதி நிரம்பியிருக்கும்போது அடுத்தவர் அழுத்தினால் மாட்டிக்கொள்வார்.

இரண்டாவது அழுத்து என்ன செய்கிறது

முதல் அழுத்தில் போன தண்ணீர் இறங்கு குழாயில் இருந்த காற்றில் கொஞ்சத்தையாவது கீழே தள்ளியிருக்கும். கைப்பிடியை விட்டதும் தட்டு கீழே விழுகிறது, டயாஃப்ரம் திறந்து டப்பா மறுபடி நிரம்புகிறது. இதற்குள் உடனே இரண்டாம் முறை அழுத்தினால், முதல் தண்ணீர் முழுதாக வழிந்து போவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் விழும். இரண்டும் சேர்ந்து குழாயை அடைத்துவிடும், சைஃபன் பிடித்துக்கொள்ளும். இரண்டு அரைத் தள்ளு சேர்ந்து ஒரு முழுத் தள்ளு.

பத்து நொடி விட்டு அழுத்தினால் இந்தக் கூட்டல் நடக்காது. முதல் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கும், குழாய்க்குள் மறுபடி காற்று. இரண்டாவது அழுத்தும் முதலாவது மாதிரியே தனியாகத் தோற்கும்.

ஆகவே எத்தனை முறை அழுத்துகிறீர்கள் என்பதைவிட, எவ்வளவு இடைவெளி விட்டு அழுத்தினால் வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். உடனுக்குடன் அழுத்தினால்தான் வருகிறது என்றால் தள்ளு பலவீனம். டயாஃப்ரத்தையோ கொக்கியையோ சந்தேகப்படலாம். ஓரிரு நிமிடம் காத்திருந்து அழுத்தினால் ஒரே அழுத்தில் வருகிறது என்றால், தண்ணீர் நிரம்புவதற்குள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். டேங்க் நிரம்ப வழக்கத்தைவிட நேரம் எடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூடியைத் திறந்து கண்டுபிடிப்பது

டேங்க் நிரம்பி, தண்ணீர் வரும் சத்தம் நிற்கும் வரை பொறுங்கள். டேங்கின் உட்சுவரிலோ சைஃபன் மேலோ தண்ணீர் எதுவரை நிற்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். மட்டம் அதற்குக் கீழே இருந்தால் மிதவையைச் சற்று உயர்த்துங்கள். பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும். கோட்டைத் தாண்டி மட்டும் உயர்த்த வேண்டாம், உபரித் தண்ணீர் வெளியேறும் வழியாக ஓயாமல் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து, கைப்பிடியை மிக மெதுவாக அழுத்தியபடி கொக்கியைப் பாருங்கள். கைப்பிடி நகர ஆரம்பித்ததுமே கொக்கியும் நகர வேண்டும். கைப்பிடி கால்வாசி போன பிறகுதான் கொக்கி அசைகிறது என்றால், உள்ளே இருக்கும் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது கம்பி நெளிந்திருக்கிறது. 6 சென்டிமீட்டர் ஏற வேண்டிய தட்டு 4 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். திருகை இறுக்கினால் சரி.

இரண்டும் சரியாக இருந்தால், கைப்பிடியை மறந்துவிட்டுக் கொக்கியையே விரலால் பிடித்து வெடுக்கென்று முழுத் தூரம் மேலே இழுங்கள். ஒரே இழுப்பில் ஃபிளஷ் ஆகிறதா? அப்படியானால் கோளாறு கைப்பிடிப் பக்கம். அப்போதும் பிடிக்கவில்லை என்றால், விரலுக்கு என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். நல்ல டயாஃப்ரம் இருந்தால் அரை லிட்டர் தண்ணீரைத் தூக்கும் பாரம் கையில் தெரியும். கிழிந்திருந்தால் பாரமே இல்லாமல், வெறும் தண்ணீருக்குள் கம்பியை இழுப்பது மாதிரி லேசாக வரும். என்னைக் கேட்டால் இதைவிட நம்பகமான சோதனை வேறு இல்லை.

இன்னும் ஒரு வகை உண்டு. ஃபிளஷ் நன்றாக ஆரம்பித்து, டேங்க் பாதி இருக்கும்போதே நின்றுவிடும். இது தள்ளின் குறை அல்ல, சைஃபன் பிடித்த பிறகு எங்கிருந்தோ காற்று புகுகிறது. உச்சியில் விரிசல் இருக்கலாம், அப்படியானால் சைஃபனையே மாற்ற வேண்டும். அதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள்: கைப்பிடியைக் கடைசிவரை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். சில சைஃபன்களில் அரை ஃபிளஷுக்காக வேண்டுமென்றே ஒரு காற்றுத் துளை வைத்திருப்பார்கள். அழுத்தி உடனே விட்டால் துளை வழியாகக் காற்று புகுந்து ஓட்டம் பாதியில் நிற்கும். அழுத்திப் பிடித்திருந்தால் முழுத் தண்ணீரும் போகும். பழுது என்று நினைத்து ஆள் கூப்பிட்ட பிறகு இது தெரியவந்தால் கொஞ்சம் சங்கடம்தான்.

டயாஃப்ரத்தை மாற்றுவது

கிழிந்தது டயாஃப்ரம்தான் என்று உறுதியானால், பொருளுக்கு ஆகும் செலவு அற்பம், உழைப்புதான் அதிகம். டேங்குக்கு வரும் தண்ணீரை அடைத்து, உள்ளே இருப்பதை முழுக்க வெளியேற்ற வேண்டும். வெளியே இறங்கு குழாயின் இணைப்பைக் கழற்றி, டேங்கின் அடியில் சைஃபனைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைத் திருகி எடுத்தால் சைஃபன் கையோடு வரும். நட்டைத் தளர்த்தும்போது எஞ்சிய தண்ணீர் கொட்டும், கீழே வாளி வையுங்கள். டேங்க் கோப்பையின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வகையானால் டேங்கையே இறக்க வேண்டியிருக்கும். அதற்கு பிளம்பரைக் கூப்பிடுவது நல்லது. சில சைஃபன்கள் இரண்டு துண்டாக இருக்கும், அவற்றில் மேல்பாகத்தை மட்டும் உள்ளிருந்தே கழற்றிவிடலாம்.

தட்டை உருவி எடுத்தால் பழைய டயாஃப்ரம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓரம் நார்நாராகப் போயிருக்கும், அல்லது நடுவில் கம்பி நுழையும் துளையிலிருந்து விரிசல் ஓடியிருக்கும், சில சமயம் பாதி ஷீட்டே காணாமல் போயிருக்கும். அதே அளவில் புதியது கிடைத்தால் போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால், பழையதை வைத்துத் தடித்த பாலித்தீன் ஷீட்டில் கோடு போட்டு வெட்டிக்கொள்வது பிளம்பர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் வேலை.

வெட்டும்போது அளவில்தான் கவனம் தேவை. எல்லா ஓட்டைகளையும் மூடும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் டப்பாவின் சுவரில் உரசினால் மடங்கி நின்றுகொள்ளும், ஓட்டைகள் திறந்தே கிடக்கும், பழையபடி இரண்டு முறை அழுத்த வேண்டிவரும். எனவே மாட்டிய பிறகு, சைஃபனை டேங்கில் வைப்பதற்கு முன்பே, கம்பியைப் பிடித்துத் தட்டை நாலைந்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்கும் சிக்காமல் மேலே போய், விட்டதும் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். அப்படி விழுந்தால் நட்டை இறுக்கலாம்.